சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளுந்தூர்பேட்டைக்கு அருகே நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கும் பிள்ளைகள் யார் வந்தாலும், எங்கள் பட்டறைக்கு ஒரு விடியற்காலையில் வந்து சேர்ந்த ஒரு காரின் கதையைச் சொல்வது என் வழக்கம். கதையைக் கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அன்னைக்கு ராத்திரி அந்தப் பையனுக்கு என்னதான் நடந்துச்சு?

இருபத்திரண்டு வயது இளைஞர் அவர். உரிமம் வாங்கி இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. சித்தப்பாவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, சிறிய பெட்ரோல் கார் ஒன்றில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். விழுப்புரத்தைத் தாண்டியாகிவிட்டது. இரவு ஒன்றரை மணி, வேகம் 90 கிலோமீட்டர். மீட்டர் பலகையின் கீழ் ஓரத்தில், மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளையும் அதன் நுனியில் ஒரு சொட்டுமாக வரையப்பட்ட சிவப்பு விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தது.

வண்டியின் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. சத்தம் இல்லை, இழுவை குறையவில்லை, வெப்பநிலை முள்ளும் நடுவிலேயே நின்றது. அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, இண்டிகேட்டர் நான்கையும் போட்டு, கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றி, உருண்டபடியே இடது ஓரத்துக்கு வந்து நின்று இன்ஜினை நிறுத்தினார். விளக்கு எரிந்ததிலிருந்து இன்ஜின் நிற்கும்வரை இருபது நொடி ஆகியிருக்கும் என்பது அவருடைய கணக்கு.

“ஏம்ப்பா இங்க நிறுத்துற? இன்னும் ஆறு கிலோமீட்டர்ல உளுந்தூர்பேட்டை வந்துடும். மெதுவா ஓட்டிட்டுப் போயிடு” என்றாராம் சித்தப்பா. “இல்ல சித்தப்பா, இந்த விளக்கு எரிஞ்சா ஓட்டக்கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த இளைஞர் கீழே இறங்கிவிட்டார். அவருக்கும் அப்போது காரணம் முழுமையாகத் தெரியாது. ஓட்டப் பழகிய நாளில் யாரோ சொன்னது மனத்தில் நின்றிருக்கிறது.

ஆயில் குறைஞ்சிடுச்சுன்னுதானே அந்த விளக்கு சொல்லுது?

இல்லை. அந்தச் சிவப்பு விளக்குக்கு ஆயிலின் அளவைப் பற்றி எதுவும் தெரியாது. ஆயிலின் அழுத்தம் மட்டும்தான் தெரியும். இன்ஜினின் அடியில் இருக்கும் சேம்பரிலிருந்து ஆயிலை உறிஞ்சி, பில்டர் வழியாக எல்லா இடத்துக்கும் தள்ளுவது ஆயில் பம்பின் வேலை. அது தள்ளும் பாதையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் திருகப்பட்டிருக்கும். அழுத்தம் ஏறத்தாழ அரை பாருக்குக் கீழே இறங்கினால் ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும், விளக்கு எரியும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கிய இரண்டொரு நொடியில் அணைவதும் இதே ஸ்விட்ச்சினால்தான்.

அரை பார் என்பது எவ்வளவு குறைவு என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று மேலே இருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் ஆரோக்கியமான இன்ஜினில் ஆயில் அழுத்தம் பொதுவாக மூன்று, நான்கு பார் இருக்கும். ஆகவே இந்த விளக்கு எரியும்போது அழுத்தம் குறையத் தொடங்குகிறது என்று பொருளல்ல. அநேகமாக முழுவதும் போய்விட்டது என்றே பொருள். சில கார்களில் ஆயில் அளவு குறைந்ததைச் சொல்லும் மஞ்சள் விளக்கு தனியாக உண்டு. அது எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க்வரை போய்ப் பார்க்கலாம். சிவப்புக்கு அந்த அவகாசம் கிடையாது.

பிரஷர் இல்லைன்னா இன்ஜினுக்குள்ள அப்படி என்ன ஆயிடும்? வண்டி நல்லாத்தானே ஓடுச்சு?

கிராங்க் என்னும் கனமான தண்டு பேரிங்குகளின் மேல் நேரடியாக உட்காருவதில்லை. அரைவட்டமாக வளைந்த இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிந்த ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. அந்தப் படலத்திலிருந்து ஆயில் ஓரங்களின் வழியே வழிந்துகொண்டே இருக்கும்; வழிந்ததை ஈடுசெய்யப் பம்ப் அனுப்பிக்கொண்டே இருக்கும். வரத்து நின்ற பிறகும் மிச்சமிருக்கும் ஈரம் சிறிது நேரம் தாங்கும். வண்டி நன்றாக ஓடுவதுபோலத் தோன்றுவது அந்தச் சிறிது நேரத்தில்தான்.

அந்த ஈரமும் போனபின் உலோகம் உலோகத்தில் உரசும். தகட்டின் உட்புறத்தில் வேண்டுமென்றே மென்மையான உலோகம் பூசியிருப்பார்கள்; அது சூடேறி இழுபட்டு வழியும். இடைவெளி அதிகமாகி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு கிராங்கின் மேல் தட்டத் தொடங்கும். வெளியே கேட்கும் “டொக் டொக்” சத்தம் அதுதான். அதற்குப் பிறகு தகடு கிராங்கோடு ஒட்டிச் சுழன்று, கடைசியில் இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது சுழல முடியாமல் இறுகி நிற்கும். டர்போ உள்ள வண்டியில் நிலைமை இன்னும் மோசம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய அதன் தண்டும் இதே ஆயிலைத்தான் நம்பியிருக்கிறது. சத்தம் வந்தபின் நிறுத்திக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சத்தம் வந்துவிட்டால் பேரிங் ஏற்கெனவே போய்விட்டது, நிறுத்தி மிச்சப்படுத்த அங்கே அதிகம் இல்லை.

அவ்வளவு அவசரம்னா, எரிஞ்ச உடனே ஓடும்போதே சாவியை ஆஃப் பண்ணிட வேண்டியதுதானே?

வேண்டாம். ஓடும் வண்டியில் இன்ஜினை நிறுத்தினால் பவர் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் இரண்டு, மூன்று மிதிப்புக்கான வெற்றிடம் மட்டுமே மிஞ்சும், அதன்பின் பெடலை மிதிக்க மிகுந்த பலம் வேண்டும். சாவியைக் கடைசிவரை திருப்பி உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். இன்ஜினைக் காப்பாற்றப் போய் உயிரைப் பணயம் வைத்ததாகிவிடும்.

அந்த இளைஞர் செய்த வரிசைதான் சரி. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்துவிட்டால் இன்ஜின் வண்டியை இழுக்க வேண்டியதில்லை; தன்னைத்தானே சுழற்றிக்கொண்டால் போதும். சுற்று எண்ணூறு, தொள்ளாயிரத்துக்கு இறங்கிவிடும், பேரிங்குகளின் மேல் விழும் அடியும் மிகக் குறைந்துவிடும். மிச்சமிருக்கும் ஆயில் ஈரம் அந்தச் சில நொடிகளைத் தாங்கிவிடும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் முழு உதவியோடு கையில் இருக்கும். ஓரத்தில் நின்ற மறுகணம் இன்ஜினை நிறுத்தலாம்.

ராத்திரி நேரத்துல ஹைவேல நிக்கிறதுதான் அதைவிடப் பெரிய ஆபத்தாச்சே?

ஆபத்துதான், இதை நான் ஒருபோதும் மறுத்துப் பேசமாட்டேன். நின்ற வண்டியின் பின்னால் லாரி வந்து மோதிய விபத்துகளை இதே சாலையில் பார்த்திருக்கிறேன். ஆகவே வண்டி பாலத்தின் மேலோ, ஓரம் இல்லாத வளைவிலோ இருக்கும்போது விளக்கு எரிந்தால், நியூட்ரலில் உருண்டு அந்த இடத்தைக் கடந்து போய்விட வேண்டும். உருள முடியவில்லை என்றால் இன்ஜின் கெட்டாலும் பரவாயில்லை என்று ஓட்டியே கடந்துவிடுங்கள். இன்ஜினுக்கு விலை உண்டு, கட்டிவிடலாம்.

இடம் கிடைத்து நின்றபின், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நான்கு சக்கரமும் முழுவதுமாக வந்திருக்க வேண்டும். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்க வேண்டும். சிவப்பு முக்கோணப் பலகையை வண்டிக்கு ஐம்பது மீட்டர் பின்னாலாவது கொண்டுபோய் வைத்துவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். அந்த இளைஞர் சித்தப்பாவை அப்படி நிறுத்திவிட்டுத்தான் பானெட்டைத் திறந்தார். தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 1033 என்ற உதவி எண்ணை இரவிலும் அழைக்கலாம். அருகிலுள்ள சுங்கச்சாவடியிலிருந்து ரோந்து வண்டியை அனுப்புவார்கள். எந்த ஊரைத் தாண்டினோம், சாலையோரக் கல்லில் என்ன எண் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொன்னால் அவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆறு கிலோமீட்டர்தானே? சித்தப்பா சொன்ன மாதிரி மெதுவா ஓட்டியிருக்கலாமே?

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஆறு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் ஆகும். இன்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுழன்றாலும், அந்த ஒன்பது நிமிடத்தில் கிராங்க் பதினெட்டாயிரம் முறை உலர்ந்த பேரிங்கில் சுழன்றிருக்கும். மெதுவாகப் போவது சூட்டைச் சற்றுக் குறைக்கும். ஆனால் பம்பின் வாய்க்கு ஆயிலே எட்டாதபோது, வேகத்தைக் குறைப்பதால் அது எட்டிவிடாது.

இதே பட்டறைக்கு ஒரு சரக்கு வேன் வந்தது. அந்த ஓட்டுநர் விளக்கைப் பார்த்தும் “அடுத்த ஊர் வந்துடும்” என்று ஓட்டி வந்திருக்கிறார், தூரம் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. பிரித்தபோது மூன்றாம் சிலிண்டரின் பேரிங் தகடு காகிதம்போல மெலிந்து, கிராங்கில் நீலம் பாரித்த தழும்பு விழுந்திருந்தது. கிராங்க், கனெக்டிங் ராடு, பேரிங் செட், ஆயில் பம்ப் என்று எல்லாமே மாறின. வேன் மூன்று வாரம் ஓடவில்லை, அவருக்கு மூன்று வாரம் வருமானமும் இல்லை. அவரும் கவனக்குறைவான மனிதர் அல்ல. வண்டி நன்றாக ஓடியது, அதை நம்பிவிட்டார்.

நின்னதுக்கு அப்புறம் நாமளா என்ன பார்க்க முடியும்?

ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்க்கலாம், வண்டியின் அடியைப் பார்க்கலாம். இன்ஜினை நிறுத்தியவுடன் ஆயில் மேலே சிதறி இருக்கும் என்பதால் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி, இரண்டாம் முறை உருவும்போது தெரிவதுதான் உண்மையான அளவு. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வித்தியாசம் இருக்கும்.

அந்த இளைஞர் உருவியபோது நுனியில்கூட ஈரம் இல்லை. கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், முன்சக்கரங்களுக்கு நடுவே தார்ச்சாலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு கறை பரவிக்கொண்டிருந்தது. இன்ஜினின் ஒரு பக்கம் முழுவதும் நனைந்து, சைலன்சர் குழாயில் விழுந்த சொட்டுகள் கருகி நாறின. அந்த நாற்றத்தோடு புகையும் கனமாக எழுந்தால் பானெட்டை மூடிவிட்டு விலகி நிற்க வேண்டும். சூடான குழாயில் விழும் ஆயில் தீப்பிடிக்கும். அன்று புகை லேசாக எழுந்து அடங்கிவிட்டது.

டிப்ஸ்டிக்ல ஆயில் சரியா இருக்கு, ஆனா விளக்கு எரியுது. அப்ப சென்சார்தானே கெட்டுப்போயிருக்கும்?

கெட்டிருக்கலாம். அந்தச் சிறிய ஸ்விட்ச் பழுதாவதும், அதன் ஒயர் எங்காவது பாடியில் உரசிப் பொய்யாக விளக்கை எரிய வைப்பதும் உண்டு. ஆனால் சேம்பரில் ஆயில் நிறைய இருந்தும் அழுத்தம் இல்லாமல் போகும் காரணங்களும் பல உண்டு: மாற்றாமல் விட்ட ஆயில் களிம்பாகிப் பம்பின் வாய்ச் சல்லடையை அடைத்திருக்கலாம், பம்பே தேய்ந்திருக்கலாம், மிகுந்த அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அப்போது அளவு சரியாகத் தெரிந்தாலும் அது ஆயில் அல்ல.

சாலையோரத்தில் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பட்டறையில் வழி உண்டு: ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் முள் காட்டும் பிரஷர் கேஜைத் திருகி, இன்ஜினைச் சில நொடி ஓட்டினால் போதும். முள் நன்றாக ஏறினால் ஸ்விட்ச்சை மட்டும் மாற்றலாம். முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். கேஜ் வைக்காமலேயே “சென்சார்தான் சார்” என்று சொல்லி விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிடும் மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் தயங்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஆனால் இழுத்துக்கொண்டு வாருங்கள்.

ஐட்லிங்ல மட்டும் மினுக்குது, ரேஸ் பண்ணா அணைஞ்சிடுது. அதுக்கும் இதே கதைதானா?

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் நிற்கும்போது மட்டும் மினுக்கினால், தேய்ந்த பேரிங்குகளின் இடைவெளி வழியே ஆயில் எளிதில் வழிந்துவிடுகிறது என்றோ, ஆயில் மெலிந்துவிட்டது என்றோ, பம்ப் தளர்ந்துவிட்டது என்றோ பொருள். வளைவிலும் பிரேக் போடும்போதும் மினுக்கினால், அளவு குறைந்த ஆயில் ஒரு பக்கம் சாய்ந்து பம்பின் வாய் காற்றை உறிஞ்சுகிறது என்று கொள்ளலாம். இரண்டிலும் முதலில் டிப்ஸ்டிக், பிறகு மேலே சொன்ன கேஜ் சோதனை. அந்த இளைஞரின் விளக்கும் நிலையாக எரியும் முன் இரண்டு முறை மினுக்கியதை நினைவில் கொள்ளுங்கள்.

டிக்கியில ஒரு லிட்டர் ஆயில் இருந்திருந்தா ஊத்திட்டுப் போயிருக்கலாமா?

அவரால் முடிந்திருக்காது. ஆயில் வெளியேறும் வழி திறந்தே இருந்தது. இன்ஜின் ஓடும்போது அழுத்தத்தோடு பீய்ச்சிக்கொண்டு போகும் இடத்தில் ஒரு லிட்டர் சில நிமிடம்கூடத் தாங்காது.

டிப்ஸ்டிக் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்து, அடியில் கசிவே இல்லை என்றால் மட்டும் ஊற்றிப் பார்க்கலாம். வண்டியின் கையேட்டில் சொன்ன கிரேடு நல்லது. கிடைக்காவிட்டால் பங்க்கில் இருக்கும் வேறு கிரேடு இன்ஜின் ஆயில் பட்டறைவரை போகப் போதும். கியர் ஆயில் கூடாது. ஊற்றி, கீழ்க்கோட்டைத் தாண்டியதை உறுதிசெய்து, இன்ஜினை ஓடவிட்டால் ஐந்து நொடிக்குள் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள், இரண்டாம் முறை முயல வேண்டாம்.

அப்போ அந்த வண்டியில இருந்த ஆயில் எல்லாம் எப்படிப் போச்சு?

இரண்டு நாட்களுக்கு முன் அவருடைய வீட்டருகே ஒரு பட்டறையில் ஆயிலும் பில்டரும் மாற்றியிருக்கிறார்கள். பில்டர் என்பது டம்ளர் அளவிலான உலோக டப்பா. அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய பில்டரைக் கழற்றும்போது அந்த வளையம் சில வேளைகளில் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கருப்பு வளையம், கருப்பு எண்ணெய், கண்ணுக்குத் தெரியாது. அதைக் கவனிக்காமல் புதிய பில்டரைத் திருகினால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்துவிடும்.

நகரத்துக்குள் இரண்டு நாள் ஓடியபோது அது கசியவில்லை. நெடுஞ்சாலையில் இரண்டு, மூன்று மணி நேரம் இடைவிடாமல் அழுத்தம் தள்ளியதில், பிடிமானமில்லாத வளையம் ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. காலையில் பில்டரைச் சுழற்றி எடுத்தபோது, பழைய வளையம் பாதி வெளியே நாக்குபோலத் தொங்கியதை அந்த இளைஞரிடமே காட்டினேன். ஆயில் மாற்றும் இடத்தில் நின்றுகொண்டு “பழைய பில்டர்ல வளையம் இருக்கா, காட்டுங்க” என்று கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. நல்ல மெக்கானிக் தானாகவே திருப்பிக் காட்டுவார்.

இருபது நொடி ஆயில் இல்லாம ஓடியிருக்கே, இன்ஜின் நல்லா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுகிட்டீங்க?

ரெக்கவரி வண்டியில் ஏற்றி வந்த காரை நாங்கள் முதலில் ஸ்டார்ட் செய்யவே இல்லை. சேம்பரில் மிஞ்சியிருந்த ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். ஒரு லிட்டருக்கும் குறைவாகவே இருந்தது, உலோகத் துகள் மின்னவில்லை. பில்டர் டப்பாவை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்துப் பார்த்தோம். பேரிங் அடிபட்டிருந்தால் அந்த மடிப்புகளில்தான் வெள்ளித்தூள்போலச் சிக்கியிருக்கும். அங்கும் இல்லை.

பிறகு உட்காரும் இடத்தைத் துடைத்து, ஒரே வளையத்தோடு புதிய பில்டரைப் போட்டு, அந்த வண்டிக்கு உரிய மூன்றரை லிட்டர் ஆயிலை ஊற்றினோம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டு விட்டுச் சுழற்றினோம். மூன்றாம் முறையில் விளக்கு அணைந்தது, அதாவது ஆயில் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. அதன்பின் ஓட்டி, சூடேறிய பிறகு கேஜில் பார்த்தபோது ஐட்லிங்கில் ஒரு பாருக்கு மேலும், இரண்டாயிரம் சுற்றில் மூன்று பாரும் காட்டியது. தட்டும் சத்தம் இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் அவர் மறுபடி வந்தார். ஆயிலை மாற்றி, அந்த பில்டரையும் அறுத்து விரித்தோம், சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார், எதிலும் மினுக்கம் இல்லை.